பனையேறியின் பேச்சுக்குத் தமிழ் சப்டைட்டில்: நேரம், வரி நீளம், எழுத்துரு

தமிழ் பேசும் வீடியோவுக்கு எதற்குத் தமிழ் சப்டைட்டில் என்று கேட்பவர்கள், பஸ்ஸில் சத்தத்தை அணைத்துவிட்டு வீடியோ பார்ப்பவர்களைக் கவனித்ததில்லை போலிருக்கிறது. காது கேளாதவர்கள் இருக்கிறார்கள். திருநெல்வேலிப் பேச்சு சட்டென்று பிடிபடாத கோயம்புத்தூர்க்காரரும் இருக்கிறார். நான் இங்கே எடுத்துக்கொள்வது அப்படி ஒரு வேலைதான்: தென்மாவட்டப் பனையேறி ஒருவர் பதநீர் இறக்குவதைப் பற்றிப் பேசும் ஆறு நிமிட வீடியோ. மொழிபெயர்ப்பு கிடையாது. பேசுவதும் தமிழ், எழுதுவதும் தமிழ். சுலபம் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை. வீடியோவை முழுதாக வெட்டி ஒட்டி முடித்த பிறகே சப்டைட்டிலில் கை வையுங்கள். நடுவில் மூன்று வினாடியை வெட்டினால், அதற்குப் பின்னால் வரும் ஒவ்வொரு வரியும் மூன்று வினாடி தள்ளிப்போகும்.

கோப்பு என்பது வெறும் எழுத்துதான்

பெரும்பாலான இடங்களில் செல்லுபடியாகும் வடிவம் எஸ்.ஆர்.டி. நோட்பேடில் திறந்து பார்க்கக்கூடிய சாதாரண எழுத்துக் கோப்பு அது. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு எண், அதன் கீழே தொடங்கும் நேரமும் முடியும் நேரமும், அதன் கீழே ஒன்றோ இரண்டோ வரி எழுத்து, பிறகு ஒரு வெற்று வரி. அவ்வளவுதான். நேரத்தில் வினாடிக்கும் மில்லிவினாடிக்கும் நடுவே வருவது காற்புள்ளி. அங்கே புள்ளி வைத்தால் சில பிளேயர்கள் அந்தத் துண்டையே காட்டாது.

தமிழுக்கு இதில் முக்கியமானது கோப்பைச் சேமிக்கும் விதம். எப்போதும் `UTF-8` என்று சேமிக்க வேண்டும். தப்பாகிவிட்டால் எந்தத் தப்பு என்று திரையே சொல்லிவிடும். எழுத்துக்குப் பதில் `à®ª à®¾` என்பது மாதிரி வந்தால் கவலை வேண்டாம். உங்கள் கோப்பு நன்றாகவே இருக்கிறது, அதைப் படிக்கும் பிளேயர்தான் தப்பாகப் படிக்கிறது. தமிழ் எழுத்துகள் எல்லாமே யூ.டி.எஃப்-8-இல் ஒரே மாதிரி பைட்டில் தொடங்குவதால்தான் அந்த `à` திரும்பத் திரும்ப வருகிறது. பிளேயரின் அமைப்பில் சப்டைட்டில் குறியாக்கத்தை மாற்றினால் சரியாகிவிடும். ஆனால் வெறும் `?????` என்று வந்தால், பெரும்பாலும் சேமிக்கும்போதே எழுத்து அழிந்துவிட்டது என்று பொருள். அந்தக் கோப்பிலிருந்து அதை மீட்க முடியாது. பழைய பிரதியைத் தேட வேண்டியதுதான்.

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த வசனத்தை யாராவது கொடுத்தால், அதை யூனிகோடுக்கு மாற்றாமல் ஒட்டாதீர்கள். பிளேயருக்கு அது ஆங்கில எழுத்துகளின் குப்பையாகத்தான் தெரியும்.

நேரம் குறிக்க நான் பயன்படுத்துவது சப்டைட்டில் எடிட் என்ற இலவச மென்பொருள். ஒலியின் அலைவடிவத்தைக் கீழே காட்டும். பேச்சு எங்கே தொடங்குகிறது, எங்கே மூச்சு விடுகிறார் என்பதைக் கண்ணால் பார்த்தே குறித்துவிடலாம். காதை மட்டும் நம்பிக் குறித்தால் ஒவ்வொரு துண்டும் கால் வினாடி பிந்தும். நம் கை அவ்வளவுதான் வேகம்.

பேசியதை எப்படி எழுதுவது

பெரியவர் சொன்னது இது: "காலைல ஏறி பாளையச் சீவி, கலயத்துக்குள்ள சுண்ணாம்பத் தடவி கட்டிட்டு இறங்கிருவேன். சுண்ணாம்பு தடவலன்னா மத்தியானத்துக்குள்ள கள்ளாயிரும்வே."

இதை இரண்டு விதமாகக் கெடுக்கலாம். "சுண்ணாம்பு தடவாவிட்டால் நண்பகலுக்குள் கள்ளாகிவிடும்" என்று எழுதினால் ஆள் மாறிவிடுகிறார். வாய் ஒன்று சொல்ல, எழுத்து வேறொன்று சொல்லும். சத்தத்தோடு பார்ப்பவருக்கு அது எரிச்சல். மறுபக்கம், காதில் விழுந்ததை அப்படியே எழுதினால் படிக்கிறவர் ஒவ்வொரு சொல்லிலும் தடுக்கி விழுவார். ஏனென்றால் நம் கண்ணுக்குப் பழகியது எழுத்துத் தமிழின் வடிவம். "காலைல" என்பதைவிட "காலையில" சீக்கிரம் பிடிபடும், ஒரு எழுத்து கூடுதலாக இருந்தாலும்.

நான் வைத்திருக்கும் வழக்கம்: பெயர்ச்சொல்லின் உடம்பை முழுதாக எழுதுவது, வினைச்சொல்லின் வாலைப் பேச்சிலேயே விடுவது. பாளைய என்பது பாளையை ஆகும், சுண்ணாம்ப என்பது சுண்ணாம்பு ஆகும். ஆனால் இறங்கிருவேன், தடவலன்னா, கள்ளாயிரும் எல்லாம் அப்படியே இருக்கும். அந்த "வே" இருக்கிறதே, அதைத் தொடவே கூடாது. ஊர் அதில்தான் இருக்கிறது.

எண்ணுவதில் உள்ள குழப்பம்

ஆங்கிலச் சப்டைட்டிலுக்கு ஒரு வரியில் 42 எழுத்து, ஒரு நேரத்தில் இரண்டு வரி என்பது பரவலான கணக்கு. மென்பொருள்களிலும் இந்த மாதிரி எண்தான் முன்கூட்டியே போட்டிருக்கும். தமிழில் இந்த எண்ணை நம்பினால் ஏமாந்து போவோம்.

காரணம் இது: "சுண்ணாம்பு" என்ற சொல்லில் நமக்கு ஐந்து எழுத்து. சு, ண், ணா, ம், பு. யூனிகோடில் அது பத்து. உகரக் குறி ஒன்று, புள்ளி ஒன்று, கால் ஒன்று என்று எல்லாவற்றையும் தனித்தனியாகச் சேமிக்கிறது. பல மென்பொருள்கள் அதையே எண்ணிக் காட்டுகின்றன. "கலயம்" என்றால் நமக்கு நான்கு, அதற்கு ஐந்து. ஆக, ஒரே விகிதத்தால் பெருக்கியும் தப்பிக்க முடியாது. "கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவி" என்ற வரியை எண்ணிப் பாருங்கள். இடைவெளியும் சேர்த்து நம் கணக்கில் 19. யூனிகோடு கணக்கில் 30.

அதனால் நான் பள்ளிக்கூடக் கணக்கிலேயே எண்ணுகிறேன். உயிர்மெய் ஒன்று, மெய் ஒன்று, இடைவெளியும் நிறுத்தக்குறியும் ஒவ்வொன்று. அகலமான திரைக்கு வரிக்கு 25 எழுத்து என் எல்லை. மென்பொருள் காட்டும் எண் அப்போது 40-ஐ ஒட்டி இருக்கும். செங்குத்தான செல்போன் வீடியோ என்றால் 15 அல்லது 16-க்கு மேல் போகக் கூடாது. போனால் எழுத்தைச் சிறிதாக்க வேண்டிவரும், பிறகு படிக்க முடியாது.

இந்த 25-கூடத் தோராயம்தான். "ணை" அடைக்கும் இடத்தில் "ர" இரண்டு உட்காரும். சந்தேகமுள்ள வரியைத் திரையில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

படிக்கும் வேகத்துக்கும் இதே கணக்கு. வினாடிக்கு 10 எழுத்து என்றால் யாரும் நிம்மதியாகப் படிப்பார்கள், படத்தையும் பார்ப்பார்கள். 12 வரை தாங்கும். அதற்கு மேல் போனால் கண் எழுத்திலேயே மாட்டிக்கொள்ளும்; பெரியவர் பாளை சீவும் கை யாருக்கும் தெரியாது.

ஒரு வாக்கியத்தைப் போட்டுப் பார்ப்போம்

பெரியவர் அந்த முதல் வாக்கியத்தை 1 நிமிடம் 12.4 வினாடியில் தொடங்கி 16.1-இல் முடிக்கிறார். சின்ன இடைவெளி. 17-இல் இரண்டாவது வாக்கியம் தொடங்கி 19.4-இல் முடிகிறது. பிறகு ஒன்றரை வினாடி பேசாமல் சிரிக்கிறார்.

நான் முதலில் செய்தது, மூச்சு விடும் இடத்தில் வெட்டியது. "காலையில ஏறி பாளையைச் சீவி, / கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவி" என்று ஒரு துண்டு. எண்ணினால் 35 எழுத்து. அதை அவர் சொல்லி முடிக்க எடுத்தது இரண்டரை வினாடி. அதாவது வினாடிக்கு 14. படிக்க முடியவில்லை. அடுத்து "கட்டிட்டு இறங்கிருவேன்" என்ற குட்டித் துண்டு 1.2 வினாடியில் மின்னி மறைந்தது. அதுவும் உதவவில்லை.

இரண்டையும் ஒன்றாக்கினால் நேரம் கிடைக்கும். ஏனென்றால் பேச்சு முடிந்த பிறகும் துண்டு திரையில் நிற்கலாம், அடுத்த வாக்கியம் தொடங்கும் வரை. 12.4-இலிருந்து 16.9 வரை நாலரை வினாடி. ஆனால் ஒன்றாக்கினால் இரண்டு வரியில் அடங்கவில்லை. எதையாவது விட வேண்டும். "உள்ள" என்பதை விட்டால் சுண்ணாம்பைக் கலயத்துக்கு வெளியே தடவுவதாகிவிடும். பதநீர் புளிக்காமல் இருப்பதே உள்ளே தடவிய சுண்ணாம்பால்தான். ஆனால் "காலையில ஏறி" என்பதைப் படமே காட்டிக்கொண்டிருக்கிறது: விடியல் வெளிச்சம், மரத்து உச்சியில் ஆள். அதை விட்டேன்.

```
14
00:01:12,400 --> 00:01:16,900
பாளையைச் சீவி, கலயத்துக்குள்ள
சுண்ணாம்பு தடவிக் கட்டிட்டு இறங்கிருவேன்.

15
00:01:17,000 --> 00:01:20,200
சுண்ணாம்பு தடவலன்னா
மத்தியானத்துக்குள்ள கள்ளாயிரும்வே!
```

முதல் துண்டில் 43 எழுத்து, நாலரை வினாடி. இரண்டாவதில் 32 எழுத்து. பேச்சு 2.4 வினாடிதான், ஆனால் அவர் சிரிக்கும் இடத்தில் 0.8 வினாடி கடன் வாங்கி 3.2 ஆக்கினேன். இரண்டுமே வினாடிக்கு 10-ஐ ஒட்டி வந்துவிட்டன. நடுவில் விட்ட 100 மில்லிவினாடி எதற்கென்றால், ஒரு இமைப்பு இல்லாவிட்டால் துண்டு மாறியதே கண்ணுக்குத் தெரியாது. முக்கியமாக, இரண்டிலும் "சுண்ணாம்பு" ஒரு வரியின் தொடக்கத்தில் இருப்பதால், பழைய துண்டையே திரும்பப் படிக்கிறோமோ என்று தோன்றும்.

துண்டு பேச்சுக்கு முன்னால் வரக் கூடாது. தொடக்கம் முதல் ஒலியோடு ஒட்டியிருக்க வேண்டும். முடிவில்தான் தாராளம் காட்டலாம். ஒரு சொல்லே ஆனாலும் ஒரு வினாடி நிற்கட்டும். ஆறு வினாடிக்கு மேல் எதையும் நிறுத்தாதீர்கள், படித்ததையே மறுபடி படிக்கத் தொடங்கிவிடுவார்கள். காட்சி வெட்டு ஒன்றைத் தாண்டி நாலைந்து ஃபிரேம் மட்டும் துண்டு நீளுகிறது என்றால் வெட்டிலேயே முடித்துவிடுங்கள்.

எங்கே மடிப்பது

இரண்டு வரியாக மடிக்கும் இடம் வாயில் மூச்சு விடும் இடமாக இருந்தால் நல்லது. தமிழுக்கு வினையெச்சம் ஒரு வரப்பிரசாதம். சீவி, தடவி, வந்து, போய் என்று முடியும் இடமெல்லாம் இயல்பான மடிப்பு. பெயரடையைப் பெயரிலிருந்து பிரிக்கக் கூடாது. "இறக்க வேண்டும்", "போய்விட்டான்" போன்ற இரட்டை வினைகளின் நடுவே மடிக்கக் கூடாது. "மரத்துக்கு மேல" என்பதில் "மேல" தனியாகக் கீழே போய் நின்றால் அசிங்கமாக இருக்கும்.

மேலே என் துண்டு 14-ஐப் பார்த்தால், நானே இந்த விதியை முழுதாகக் கடைப்பிடிக்கவில்லை. "சீவி," என்ற இடத்தில் மடிப்பதுதான் அழகு. ஆனால் அப்படி மடித்தால் கீழ்வரி 35 எழுத்தாகிவிடும். வரி நீளம் ஜெயித்தது.

ஒற்று ஒன்று இருக்கிறது. "தடவிக் கட்டிட்டு" என்பதில் அந்த "க்" ஒரே துண்டுக்குள் இருக்கும்வரை பிரச்சினை இல்லை. துண்டு "தடவிக்" என்று முடிந்து, அடுத்த சொல் வர முக்கால் வினாடி ஆனால், அந்த ஒற்று அந்தரத்தில் தொங்கும். துண்டின் கடைசிச் சொல்லில் வல்லின ஒற்றை நான் எடுத்துவிடுகிறேன். இலக்கண வாத்தியார்கள் சண்டைக்கு வரலாம். ஆனால் நிறுத்திப் பேசும்போது அந்த ஒற்று வாயிலும் வருவதில்லை.

எழுத்துரு: புள்ளி தெரிகிறதா?

இதே வீடியோவை ஒரு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சுவரில் காட்டினார்கள். முதல் பதிப்புக்கு மெல்லிசான, நளினமான எழுத்துரு ஒன்றைப் போட்டிருந்தேன். லேப்டாப்பில் பிரமாதமாக இருந்தது. சுவரில் விழுந்தபோது, வெளுத்த வானத்துக்கு மேலே புள்ளிகள் எல்லாம் காணாமல் போய்விட்டன. "கட்டிட்டு" என்பது "கடடிடடு" ஆகியிருந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பையன் அதை அப்படியே சத்தமாகப் படித்தான். எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான்.

அதிலிருந்து எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்று இடங்களைப் பார்க்கிறேன். ஒன்று, புள்ளி போதுமான அளவு பெரிதாக, எழுத்தை ஒட்டாமல் இருக்கிறதா. இரண்டு, "ண" எழுத்தின் சுழிகள் திறந்திருக்கின்றனவா. தடித்த எழுத்துருவில், அதற்கு மேல் கறுப்பு ஓரமும் போட்டால், அந்தச் சுழிகள் அடைத்துக்கொண்டு "ண"வும் "ன"வும் ஒன்றாகிவிடும். மூன்று, ஒரே தடிமனில் கோடு ஓடுகிறதா. மெல்லிசும் தடிப்புமாக மாறி மாறி வரும் அச்சுப் புத்தக எழுத்துருக்கள் திரையில் பாதி மறைந்துபோகும்.

இந்த மூன்றிலும் தேறுபவை என்றால் முக்தா மலர், நோட்டோ சான்ஸ் தமிழ், ஹிந்த் மதுரை. மூன்றும் இலவசம். விண்டோஸிலேயே இருக்கும் நிர்மலாவும் மோசமில்லை. சாதாரணத் தடிமனுக்கு ஒரு படி மேலே, நடுத்தரத் தடிமனில் வைத்துக்கொள்ளுங்கள். தடித்த வடிவமே இல்லாத எழுத்துருவைத் தடிமனாக்கச் சொன்னால் மென்பொருள் எழுத்தைப் பூசிவிடும், சுழி அடைபடும். பாலூ தம்பி மாதிரி குண்டு எழுத்துகள் தலைப்புக்கு அழகு, ஆறு நிமிடம் படிக்க அல்ல.

நிறம் வெள்ளை, சுற்றிலும் மெல்லிய கறுப்பு ஓரம். பின்னணி மிகவும் வெளிச்சமாக இருந்தால் ஓரத்தைத் தடிப்பாக்காதீர்கள். அதற்குப் பதில் பின்னால் பாதி ஊடுருவும் கறுப்புப் பட்டை போடுங்கள். வரி இடைவெளி ஆங்கிலத்துக்கு வைப்பதைவிடக் கூடுதலாக வேண்டும். மேல்வரியின் "ழு", "ணூ" கீழே இறங்கும், கீழ்வரியின் "றீ", "ம்" மேலே ஏறும். இரண்டும் முட்டிக்கொண்டால் புள்ளி யாருடையது என்றே தெரியாது.

அடுத்து, உங்கள் எடிட்டிங் மென்பொருளுக்குத் தமிழ் தெரிகிறதா என்று சோதியுங்கள். "கொக்கு, யானை, மௌனம்" என்று அடித்துப் பாருங்கள். கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றாலோ, நடுவே புள்ளிவட்டம் ஒன்று தெரிந்தாலோ, அதற்கு எழுத்துகளைச் சேர்க்கத் தெரியவில்லை. எழுத்துருவை மாற்றியும் தீராவிட்டால், தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து இயந்திரம் என்று ஏதாவது தேர்வு அமைப்புகளுக்குள் இருக்கிறதா என்று தேடுங்கள். சிலவற்றில் இருக்கும், ஆனால் முன்கூட்டியே போட்டிருக்காது.

கடைசியில் சேர்ப்பது

யூடியூப் என்றால் எழுத்தை வீடியோவில் பதிக்க வேண்டாம். ஸ்டுடியோவில் `Subtitles` பகுதியில் தமிழைச் சேர்த்து, `Upload file`, `With timing` என்று எஸ்.ஆர்.டி கோப்பை ஏற்றினால் போதும். பார்ப்பவர் அளவை மாற்றிக்கொள்ளலாம், வேண்டாமென்றால் அணைக்கலாம். ஆனால் எழுத்துரு உங்கள் கையில் இருக்காது. அவர் போனில் உள்ளதுதான் வரும். வரி நீளத்தை மட்டும் சரியாக வைத்தால் அங்கே போதும்.

வாட்ஸ்அப்பில் அனுப்பவோ, சுவரில் காட்டவோ என்றால் பதித்தே ஆக வேண்டும். கட்டளை அடித்து இயக்கும் எஃப்.எஃப்.எம்பெக் என்ற இலவச மென்பொருள் இதைச் செய்யும். எழுத்துருக் கோப்பை `fonts` என்ற ஃபோல்டரில் போட்டுவிட்டு:

```
ffmpeg -i panai.mp4 -vf "subtitles=panai.srt:fontsdir=fonts:force_style='FontName=Mukta Malar,FontSize=24,Outline=1,MarginV=20'" -c:a copy panai_tamil.mp4
```

இதில் 24 என்பது பிக்சல் இல்லை. எஸ்.ஆர்.டி கோப்புக்கு இது 288 உயரமுள்ள ஒரு கற்பனைத் திரையை வைத்துக் கணக்குப் போடும். வீடியோ எந்த அளவில் இருந்தாலும் எழுத்து அதே விகிதத்தில் வரும். ஆனால் எழுத்துருவை மாற்றினால் இதே 24 வேறு அளவாகத் தெரியலாம், வரி இடைவெளியும் மாறும். முழு வீடியோவையும் பதிப்பதற்கு முன்னால் `-ss 70 -t 15` என்று சேர்த்து ஒரு பதினைந்து வினாடியை மட்டும் எடுக்கலாம் என்று தோன்றும். அங்கே ஒரு பொறி இருக்கிறது. `-ss`-ஐ `-i`-க்கு முன்னால் போட்டால் நேரம் பூஜ்யத்திலிருந்து தொடங்கி, சப்டைட்டில் பொருந்தாது. `-i panai.mp4`-க்குப் பின்னால் போடுங்கள்.

பதித்த வீடியோவில் முதல் துண்டையும் கடைசித் துண்டையும் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு பிந்தினால் எங்கோ தொடக்கத்தில் வெட்டியிருக்கிறீர்கள். சப்டைட்டில் எடிட்டில் `Adjust all times` கொண்டு மொத்தமாக நகர்த்தலாம். முதல் துண்டு சரியாக இருந்து, போகப்போகப் பிந்தினால் கதை வேறு. நேரம் குறித்த வீடியோவும் பதித்த வீடியோவும் நீளத்தில் வேறு. செல்போனில் எடுத்தவற்றில் இது நடக்கும், போன் வினாடிக்கு ஒரே எண்ணிக்கையில் ஃபிரேம் எடுப்பதில்லை என்பதால் எடிட் செய்யும்போது வேகம் கொஞ்சம் மாறிவிடும். `Visual sync`-இல் தொடக்கத்தில் ஒரு துண்டையும் கடைசியில் ஒரு துண்டையும் சரியான இடத்தில் பொருத்தினால், நடுவில் உள்ளவை தானாக இழுபடும்.

பிறகு வீடியோவைப் போனில் போட்டு, சத்தத்தை அணைத்து, கை நீட்டும் தூரத்தில் வைத்து ஒருமுறை பாருங்கள். இந்த வசனத்தை இதுவரை படிக்காத ஒருவரிடம் கொடுத்தால் இன்னும் நல்லது. நான் என் அத்தையிடம் கொடுத்தேன். துண்டு 15 வந்ததும் "மத்தியானத்துக்குள்ளேயா?" என்றார்.